பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பித் தரும் ஐந்து நிமிடம்

ஒரு ஹோட்டலின் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இரவு பதினொன்றரை மணி இருக்கும். பிரிட்டனிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். தாய்க்கு எழுபது வயது இருக்கும். நீண்ட பயணம், இருவருக்கும் கண் சொருகிக்கொண்டிருந்தது. நான் வணக்கம் சொன்ன கையோடு, "பாஸ்போர்ட், விசா, அப்புறம் கிரெடிட் கார்டு கொடுங்கள்" என்று கேட்டேன். மூன்றையும் கொடுத்தார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினேன். விசா ஒட்டிய பக்கமே இல்லை. பின்னால் இருந்த சக ஊழியரிடம் திரும்பி, "இதில் விசா இல்லையே" என்று ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டேன்.

அது அந்த அம்மாவின் காதில் விழுந்தது. மகள், "ஏதாவது பிரச்சினையா? விமான நிலையத்தில் விட்டுவிட்டார்களே?" என்றார். "ஒரு நிமிடம், மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, இரண்டு பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஜெராக்ஸ் மெஷினும் உள்ளேதான் இருந்தது. ட்யூட்டி மேனேஜர் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. நாங்கள் வெளியே வந்தபோது மகள் போனில் தங்கள் தூதரகத்தின் அவசர எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டிமேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

மேனேஜர் மேசைக்குப் பின்னால் நிற்கவில்லை. சுற்றி வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தார். "பாஸ்போர்ட்டைச் சமீபத்தில் புதுப்பித்தீர்களா? பழையது கையில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அம்மா கைப்பையின் அடியிலிருந்து மூலை வெட்டப்பட்ட பழைய பாஸ்போர்ட்டை எடுத்தார். விசா அதில் இருந்தது, செல்லுபடியாகும் தேதியும் தாண்டவில்லை. அவர்கள் அறைக்குப் போனபின் மேனேஜர் புதிய பாஸ்போர்ட்டின் நகலை என் முன்னால் வைத்தார். "தம்பி, இந்த முத்திரையைப் பார்த்தியா?" அன்றைய தேதியிட்ட நுழைவு முத்திரை. குடியேற்ற அதிகாரி இரண்டையும் சரிபார்த்து உள்ளே விட்டவரை நான் மேசை முன்னால் நிறுத்தி மறுபடி விசாரித்திருக்கிறேன். ஒரு பக்கத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அது மேனேஜர் கேட்ட கேள்வி.

அன்றைக்குப் பிறகு, செக்-இன்னில் ஆவணம் கேட்பதை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தியாவில் ஒரு வெளிநாட்டவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், ரிசப்ஷனில் எல்லோரும் சி ஃபார்ம் என்று சொல்லும் அறிக்கையைப் பதிவு அதிகாரிக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும். இது 1946 ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் காலத்திலிருந்து வரும் கடமை. 2025 இல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்த பிறகும் அறிக்கை தரும் கடமை தங்குமிடத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் நமக்குத் தெரிந்தது. எதிரே நிற்பவருக்குத் தெரிவது, முன்பின் தெரியாத ஒருவர் தன் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார் என்பது மட்டும்தான்.

அதனால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என் முதல் பழக்கமானது. இப்போது நான் சொல்வது ஏறக்குறைய இதுதான்: "வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு விருந்தினரின் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்தின் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்ப வேண்டும். அதற்காக உங்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். உங்கள் கண் முன்னால் இங்கேயே ஸ்கேன் செய்து, ஐந்து நிமிடத்தில் திருப்பித் தந்துவிடுவேன்." மூன்று வாக்கியம். யாருக்குப் போகிறது, எது வேண்டும், எப்போது திரும்பும். ஒருவர் மனதில் எழும் மூன்று கேள்விக்கும் அவர் கேட்கும் முன்பே பதில் கிடைத்துவிடுகிறது. "ஒவ்வொரு விருந்தினரும்" என்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை. தன்னை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்கிறார்களோ என்ற நினைப்புதான் பலருக்கும் முதலில் வருகிறது. அவருடைய நிறமோ, பெயரோ, நாடோ காரணம் என்று அவர் நினைத்துவிட்டால், அப்புறம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எடுபடாது.

சில சொற்களை நான் விட்டுவிட்டேன். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்பது அதில் முதலாவது. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துச் சொல்கிறோம். கேட்பவரோ, சும்மா என்றால் விட்டுவிடலாமே என்று நினைக்கிறார். கொஞ்சம் களைத்திருந்தால் வாதாடவும் செய்கிறார். சட்டப்படி கட்டாயம் என்பதை முதலிலேயே நிதானமாகச் சொல்லிவிட்டால் அந்த வாதம் பிறப்பதில்லை. இரண்டாவது, "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்". நள்ளிரவில் புதிய ஊரில் வந்து இறங்கிய ஒருவரிடம் இதைச் சொன்னால், இங்கே என்ன ஆபத்து என்றுதான் அவருக்குத் தோன்றும். தனியாக வந்த ஒரு பெண் என்னிடம் அப்படியே கேட்டார், அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றியும் கேட்டார். அந்தப் பயத்தை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். உண்மையான காரணம் சட்டம். அதைச் சொன்னால் போதும்.

போலீஸ் என்ற சொல் கொஞ்சம் சிக்கலானது. அதை நானாக முதலில் எடுப்பதில்லை. ஆனால் "இது போலீஸுக்குப் போகுமா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லவே கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். பெருநகரங்கள் சிலவற்றில் இதற்கென்று தனி அலுவலகம் உண்டு. மற்ற பல மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. என்னோடு வேலை பார்த்த ஒருவர், கேட்டவரைச் சமாதானப்படுத்த "இல்லை இல்லை, எங்கள் ரெக்கார்டுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஒரு காவலர் வழக்கம்போல விவரம் சரிபார்க்க வந்தார். அந்த விருந்தினர் லாபியில் உட்கார்ந்திருந்தார், தன் பெயர் காதில் விழுந்தது. அன்றே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். "ஆமாம், பதிவு அதிகாரி காவல்துறையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். தங்கும் எல்லா வெளிநாட்டவரின் விவரமும் அங்கே போகிறது. சாதாரணமாக இதற்காக யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஏதாவது விவரம் சரிபார்க்க வேண்டும் என்றால் முதலில் எங்களைத்தான் கேட்பார்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். நான் பலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், யாரும் பயந்ததாக நினைவில்லை.

விருந்தினர் எந்த நாட்டுப் பழக்கத்தோடு வருகிறார் என்பதும் முக்கியம். இத்தாலிக்காரருக்கு இது புதிதே அல்ல. அங்கே தங்குமிடங்கள் விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்றுகின்றன. ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம் அங்குள்ள விடுதிகள் பாஸ்போர்ட்டைக் கேட்டு நகல் எடுத்துக்கொள்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் வெளிநாட்டவர் பதிவுப் படிவத்தைத் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஜெர்மனி 2025 தொடக்கத்திலிருந்து தன் குடிமக்களுக்கு அந்தப் படிவத்தை எடுத்துவிட்டது, வெளிநாட்டவருக்கு வைத்திருக்கிறது. தன் நாட்டை விட்டு அதிகம் வெளியே போகாத அமெரிக்கருக்கோ ஹோட்டலில் காட்டிப் பழகியது ஓட்டுநர் உரிமத்தைத்தான். அவர் அதைத்தான் முதலில் நீட்டுவார். "இது செல்லாது" என்று தள்ளாமல், "இதில் விசா விவரம் இருக்காது, அதனால்தான் பாஸ்போர்ட் கேட்கிறேன்" என்றால் உடனே புரிந்துகொள்கிறார். தயங்குபவரிடம், பல நாடுகளில் இதே நடைமுறைதான் என்று ஒரு வரி சொன்னால் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்பது பேச்சைவிட அதிகம் பேசும். பல நாட்டு அரசுகள் தங்கள் குடிமக்களிடம் பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகின்றன. அப்படி வந்தவரின் கையிலிருந்து வாங்கி ஒரு கதவுக்குப் பின்னால் எடுத்துப் போனால் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. நான் பிடிவாதமாகக் கேட்டு ஸ்கேனரை முன் மேசைக்குக் கொண்டுவரச் செய்தேன். அதற்கு முன்பு ஒரு இரவு, ஜெராக்ஸ் மெஷினின் மூடிக்கடியில் ஒரு பாஸ்போர்ட் தங்கிவிட்டது. மறுநாள் விருந்தினர் ரயில் ஏறப் போகும்போதுதான் தெரிந்தது. ஒரு ஆள் ஸ்டேஷனுக்கு ஓடினார். கண்ணெதிரே ஸ்கேன் செய்தால் அந்த மறதிக்கு இடமே இல்லை, அவரே "அதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிடுவார்.

இன்னொன்று, சொந்த செல்போனில் படம் பிடிப்பது. ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று ஊழியர்கள் தங்கள் போனை எடுத்துக் கிளிக் செய்துவிடுகிறார்கள். இதற்கு விருந்தினர் பயந்தால் அந்தப் பயம் முழுக்க நியாயம். அந்தப் படம் எங்கே போகிறது என்று நமக்கே தெரியாது. ஸ்கேனர் இல்லை என்றால், அவர் கையிலேயே பாஸ்போர்ட்டைப் பிடித்திருக்க, நான் பார்த்து விவரத்தைத் தட்டச்சு செய்வேன். மெஷின் சரியானதும் நகல் எடுக்க ஒரு நிமிடம் கீழே வர முடியுமா என்று காலையில் கேட்பேன். ஆன்லைன் படிவத்துக்கு முகப்படமும் வேண்டும். அதற்கும் சொல்லாமல் கேமராவைத் திருப்பக் கூடாது. பாஸ்போர்ட் ஸ்கேனில் உள்ள படத்தை வெட்டி ஏற்ற முடிந்தால் அதையே செய்துவிடுவேன்.

கிரெடிட் கார்டை பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கேட்டது அன்று நான் செய்த பெரிய தவறுகளில் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நம் கையில் இருந்தால், பணம் கட்டும் வரை பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கிறார்கள் என்று தோன்றும். இப்போது முதலில் பாஸ்போர்ட். அதை முடித்து, அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில், பெயரைப் பார்த்துக் கொடுத்து, "உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவர் பையில் வைக்கும் வரை காத்திருக்கிறேன். தம்பதியிடம் இரண்டையும் ஒருவர் கையில் கொடுப்பதில்லை. அதன் பிறகுதான் பதிவு அட்டை, கடைசியாக முன்பணம்.

பதிவு அட்டையை ரிசப்ஷனில் ஜி.ஆர்.சி. என்போம். அது விடுதிக்கும் விருந்தினருக்கும் இடையில் உள்ளது. பெயர், முகவரி, வந்த தேதி, போகும் தேதி, அறை வாடகை, கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். சிலர் அதையும் அரசாங்கப் படிவம் என்று நினைத்து, தனக்குப் புரியாத எதிலோ கையெழுத்து வாங்குகிறார்கள் என்று தயங்குவார்கள். "இது எங்கள் விடுதியின் அட்டை. இந்த வாடகைக்கு, இத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதற்குத்தான் கையெழுத்து" என்று அந்த இரண்டு வரியையும் பேனாவால் சுட்டிக் காட்டுவேன். படிக்க நேரம் கேட்டால் கொடுப்பேன். அடுத்து எங்கே போகிறீர்கள், எதற்காக வந்தீர்கள் என்ற கட்டங்கள்தான் விசாரணை போலத் தோன்றுபவை. அவற்றை வாயால் கேட்காமல், அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொல்வது நல்லது. மேசையில் நாலு பேர் நிற்கும்போது "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது வேறு மாதிரிதான் ஒலிக்கும்.

அட்டையில் அவர் எழுதியதைப் பார்த்து ஆன்லைன் படிவத்தை நிரப்பக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். அமெரிக்கர் 03/07 என்று எழுதினால் அது மார்ச் 7. நாம் ஜூலை 3 என்று படிப்போம். பிறந்த தேதி தவறிப் போய் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தால், காலை உணவுக்கு உட்கார்ந்தவரை எழுப்பிக் கேட்க வேண்டிவரும். அவருக்கு அதுதான் நிஜமான பயம். பல நாட்டுப் பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில் இருக்கும். சந்தேகம் இருந்தால் படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரியைப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு வரியும் 44 எழுத்து. முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர் வரும், `<<` வந்த பிறகு சொந்தப் பெயர். இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், நாடு, அப்புறம் பிறந்த தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில். 1984 மார்ச் 7 என்றால் `840307`. அமெரிக்கரானாலும் ஜப்பானியரானாலும் இந்த வரிசை மாறாது. பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று விருந்தினரிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய தேவையும் இதனால் குறைந்துவிடுகிறது.

பழைய பாஸ்போர்ட்டில் விசா இருப்பது போலவே குழப்பம் தரும் இன்னொன்று, இரண்டு நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். முன்பதிவு செய்யும்போது தந்த பாஸ்போர்ட் எண் ஒன்று, மேசையில் நீட்டுவது வேறொன்று. "எது உண்மையான பாஸ்போர்ட்?" என்று ஒருவர் கேட்டதைக் கேட்டிருக்கிறேன். பாவம், இரண்டும் உண்மைதான். "எதைக் காட்டி நாட்டுக்குள் வந்தீர்கள்?" என்று கேட்டால் போதும். நுழைவு முத்திரை இருக்கும் பாஸ்போர்ட்தான் நமக்கு வேண்டும்.

நகலைப் பற்றி முன்பு நான் யோசித்ததே இல்லை. ஒருநாள் ஒரு ஜெர்மன் விருந்தினர், எல்லாம் சரி, ஆனால் நகலை மட்டும் கொடுக்க மனமில்லை என்றார். அவர் கோபப்படவில்லை, தவறான கையில் போனால் என் பெயரில் என்னவெல்லாம் செய்யலாம் என்று விளக்கினார். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. நகல் இல்லாமல் அறை கொடுக்க எனக்கு அனுமதியில்லை. அதை நேராகச் சொன்னேன், பணம் வாங்குவதற்கு முன்பே சொன்னேன், வேண்டாம் என்றால் முன்பதிவைக் கட்டணமில்லாமல் ரத்து செய்ய மேனேஜரிடம் கேட்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேனாவைக் கேட்டார். நகலின் குறுக்கே, படத்தையும் எண்ணையும் மறைக்காமல், விடுதியின் பெயர், தேதி, "தங்குமிடப் பதிவுக்கு மட்டும்" என்று தன் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். நான் அவர் முன்னாலேயே அதைப் பூட்டுள்ள அலமாரிக் கோப்பில் வைத்தேன். இப்போது யாராவது தயங்கினால் நானே பேனாவை எடுத்து நீட்டிவிடுகிறேன். எழுதுகிறவர்கள் பத்தில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, வேண்டாம் என்று பேனாவைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

அந்தப் பிரிட்டன் அம்மா மறுநாள் காலை கீழே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பழையதை மேல் பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை" என்று அவர் தன் மேல் போட்டுக்கொண்டார். இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டித் தரச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அனுப்பும் உறுதிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம்: குழந்தைகள் உட்பட எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டையும் கொண்டுவாருங்கள், விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அதையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.